கடன் நோட்டை மூடாத செயலி

தமிழ்நாட்டின் தெருமுனை மளிகைக் கடைகளில் இன்னும் தாளில் நடக்கும் கணக்குகளில் முதன்மையானது கடன் நோட்டு. சரக்கு வாங்கிய பில்களைக் கம்பியில் குத்தி வைத்துவிடலாம், அன்றைய விற்பனையைக் கல்லாப்பெட்டியை எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். யாரிடம் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பதை மட்டும் எழுதித்தான் ஆக வேண்டும். வாடிக்கையாகக் கடனில் வாங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் நீள நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கப்படும். தேதி, சாமான், பற்று, வரவு, பாக்கி என்று வரிகள் ஓடும். பல கடைகளில் இதே கணக்கு வாடிக்கையாளரிடம் உள்ள சின்ன நோட்டிலும் எழுதப்படும். "அண்ணாச்சி, அம்மா கணக்குல எழுதிக்கச் சொன்னாங்க" என்று ஒரு சிறுவன் சின்ன நோட்டை நீட்டினால், கடைக்காரர் இரண்டு நோட்டிலும் ஒரே தொகையை எழுதிவிட்டுச் சாமானைக் கொடுப்பார்.

இந்த இரட்டை நோட்டு முறையில் கணக்கியலின் முக்கியமான ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒரே வரி இரண்டு பேர் கையில் இருப்பதால், ஒருவர் தனியாக மாற்றினால் மற்றவரிடம் உள்ள பிரதி காட்டிக்கொடுத்துவிடும். அடித்து எழுதினாலும் அடித்தது தெரியும். கடைக்காரருக்கான செயலியைப் பற்றி யோசிப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்: கடன் நோட்டு இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு பதிவு. செயலி வந்த பிறகு அந்த ஒப்புதல் குறைந்தால், கணக்கு எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் கடைக்குப் பயனில்லை.

இந்தத் துறையில் செயலிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பெங்களூரைச் சேர்ந்த ஓகேகிரெடிட், காட்டாபுக் ஆகிய இரண்டும் இந்தியாவில் பெயர்பெற்றவை. வாடிக்கையாளரின் பெயரைத் தேடி, தொகையைத் தட்டி, கொடுத்ததா வாங்கியதா என்று குறித்தால் போதும். பாக்கியைச் செயலியே கூட்டி, வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பிவிடும். பகலில் ஓரளவு ஓய்வாக இருக்கும் துணிக்கடைக்கோ மொத்த வியாபாரிக்கோ இது நன்றாகப் பொருந்துகிறது. மளிகைக் கடையின் மாலை ஏழு மணிக்குத்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு கையில் தராசுத் தட்டு, இன்னொரு கையில் எண்ணெய்ப் பிசுக்கு, எதிரே நான்கு பேர். அந்த நேரத்தில் போனைத் திறந்து, பூட்டை விலக்கி, பெயரைத் தேடுவதைவிடப் பேனாவை எடுப்பது விரைவு. எனவே அவசரத்துக்கு நோட்டில் எழுதி, "ராத்திரி போன்ல ஏத்திக்கலாம்" என்று விடுகிறார்கள். இரவில் களைப்பு மிஞ்சுகிறது. சில நாட்கள் விட்டுப்போனதும் போனில் ஒரு பாக்கி, நோட்டில் ஒரு பாக்கி என்றாகிவிடும். எது சரி என்று கேள்வி வந்தால் கடைக்காரர் நோட்டைத்தான் நம்புவார். அதில் தவறேதும் இல்லை.

இதிலிருந்து ஒரு வேறுபட்ட வழி பிறக்கிறது. நோட்டு நோட்டாகவே இருக்கட்டும். கடையில் யாரும் போனைத் தொட வேண்டாம். இரவில் கடையை அடைக்கும் முன் அன்றைக்கு எழுதிய பக்கங்களை மட்டும் படம் எடுத்தால், செயலி வரிகளைப் படித்துக்கொள்ளும். இன்று அநேகமாக எல்லாக் கடையிலும் கேமரா உள்ள போன் இருக்கிறது. ஆனாலும் கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள் தவறும் என்பதால், தவறைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். அந்த ஏற்பாடு நோட்டிலேயே இருக்கிறது என்பதுதான் இந்த வழியின் பலம்.

முதல் வேலை, நோட்டைச் சற்றே மாற்றி அச்சிடுவது. கடைக்காரர் பழகிய அதே நீள நோட்டுதான். பக்கத்தின் நான்கு மூலைகளிலும் சிறிய கறுப்புச் சதுரங்கள் இருக்கும். சாய்வாக எடுத்த படத்தையும் இவற்றை வைத்து மென்பொருள் நேராக்கிக்கொள்ளும். மேலே கணக்கு எண்ணும் பக்க எண்ணும் அச்சாகியிருக்கும். ஒவ்வொரு வரியின் இடது ஓரத்திலும் வரிசை எண் இருக்கும். தேதி, சாமான், பற்று, வரவு, பாக்கி என்ற பத்திகளைப் பிரிக்கும் கோடுகள் வெளிர் நிறத்தில் இருந்தால், பேனா மையிலிருந்து அவற்றை எளிதில் பிரித்துவிடலாம். வங்கிச் சலானைப் போல ஓர் இலக்கத்துக்கு ஒரு கட்டம் என்று அச்சிட்டால் கணினிக்கு வசதிதான். ஆனால் அவசரத்தில் எழுதுபவர் கட்டத்துக்குள் எழுதமாட்டார், எழுதச் சொல்லவும் கூடாது.

வீட்டுப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒருமுறை மட்டும் செயலியில் பதிந்தால் போதும். பெயர் கடைக்காரர் அழைக்கும் பெயராகவே இருக்க வேண்டும். "சன்னதித் தெரு அக்கா", "மாடி வீட்டு சார்", "டெய்லர் பாய்" என்றுதான் நோட்டுகளில் எழுதியிருக்கும். முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக நிரப்பச் சொல்லும் செயலி முதல் நாளிலேயே தோற்றுவிடும்.

அடுத்தது, எதைப் படிப்பது என்ற முடிவு. சாமான் பத்தியைப் படிக்கவே தேவையில்லை. அதில் "து.ப 1/2, ந.எ 1" என்று கடைக்காரருக்கு மட்டுமே விளங்கும் சுருக்கங்கள் இருக்கும். அந்தப் பகுதியைப் படமாகவே வெட்டி வரியோடு சேர்த்து வைத்துக்கொண்டால் போதும். "அந்த 260 எதுக்கு அண்ணாச்சி?" என்று யாராவது கேட்டால் அந்தத் துண்டுப் படத்தைக் காட்டலாம். மென்பொருள் படிக்க வேண்டியவை தேதியும் மூன்று பத்திகளில் உள்ள எண்களும்தான். பெரும்பாலான கடைகளில் 0 முதல் 9 வரையான எண்களே புழக்கத்தில் இருப்பதால் வேலை மேலும் சுருங்குகிறது.

கையெழுத்து இலக்கங்களைப் படிப்பது கணினித் துறையில் பழைய பயிற்சி. மாணவர்கள் பெரும்பாலும் எம்னிஸ்ட் என்ற தொகுப்பை வைத்துத்தான் பழகுவார்கள். பயிற்சிக்கு 60,000, சோதனைக்கு 10,000 இலக்கப் படங்கள் கொண்டது அது. அவை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊழியர்களும் பள்ளி மாணவர்களும் எழுதியவை. அந்தத் தொகுப்பை மட்டும் வைத்துப் பழகிய மென்பொருள் நம் கடை நோட்டில் தடுமாறும். மேலே கொக்கி போட்ட 1 அதற்கு 7 ஆகத் தெரியலாம். தொகைக்குப் பின்னால் "/-" போடும் நம் வழக்கம் இன்னும் பெரிய இடைஞ்சல். "94/-" என்பதில் உள்ள சாய்கோட்டை 1 என்று எடுத்துக்கொண்டால் 94 ரூபாய் 941 ஆகிவிடும். ஆகவே நம் ஊர்க் கையெழுத்தில் எழுதிய எண்களையும் இந்தக் குறியையும் தனியாகச் சேகரித்துப் பழக்க வேண்டும். ஒரு கடையில் எழுதுபவர்கள் ஒருவரோ இருவரோதான் என்பதால், அவர்கள் திருத்திக் கொடுப்பதிலிருந்தே மென்பொருள் அவர்களுடைய கையெழுத்துக்கு விரைவில் பழகும்.

இனி ஒரு பக்கத்தை எடுத்துப் பார்க்கலாம். கணக்கு எண் 14, ஒரு மாதத்து வரிகள். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

| வரி | தேதி | பற்று | வரவு | பாக்கி |
|---|---|---|---|---|
| 1 | பழைய பாக்கி | | | 1,240 |
| 2 | 2 | 385 | | 1,625 |
| 3 | 5 | | 1,500 | 125 |
| 4 | 6 | 620 | | 745 |
| 5 | 9 | 94 | | 839 |
| 6 | 14 | 260 | | 1,099 |
| 7 | 15 | | 54 | 1,045 |
| 8 | 20 | | 500 | 545 |
| 9 | 25 | 410 | | 955 |

மேல் வரியின் பாக்கியோடு பற்றைக் கூட்டி வரவைக் கழித்தால் இந்த வரியின் பாக்கி வர வேண்டும். கடைக்காரர் தன் வசதிக்காகப் போட்ட இந்தக் கூட்டல் மென்பொருளுக்குச் சரிபார்க்கும் கருவியாகிறது. ஐந்தாம் வரியில் 94 என்பதை 941 என்று படித்துவிட்டால், 745உடன் 941 சேர்ந்து 1,686 வரும். நோட்டில் இருப்பதோ 839. உடனே செயலி அந்த ஒரு வரியின் படத்தை மட்டும் காட்டி, "இது 94ஆ, 941ஆ?" என்று கேட்கலாம். கடைக்காரர் ஒருமுறை தட்டினால் வேலை முடிந்தது. மற்ற வரிகள் கணக்கில் ஒத்துப்போவதால் அவற்றை அவர் பார்க்கவே வேண்டியதில்லை.

பிழை எங்கே என்பதையும் இதே கணக்கு பெரும்பாலும் சொல்லிவிடும். தொகையைத் தவறாகப் படித்தால் அந்த ஒரு வரி மட்டும் ஒத்துப்போகாது. பாக்கியைத் தவறாகப் படித்தால், அந்த எண் அடுத்த வரியிலும் பயன்படுவதால், அடுத்தடுத்த இரண்டு வரிகள் கெடும். ஒன்றில் எவ்வளவு கூடுகிறதோ மற்றதில் அவ்வளவு குறையும். ஆறாம் வரியின் 1,099ஐ 1,699 என்று படித்தால், ஆறாம் வரியில் 600 மிகும், ஏழாம் வரியில் 600 குறையும். இந்த வடிவத்தைக் கண்டால் மென்பொருள் கேட்காமலே திருத்திக்கொள்ளலாம். ஒரு வரி மட்டும் கெட்டிருக்கும்போது அப்படித் திருத்தக் கூடாது. தொகையைத் தவறாகப் படித்திருக்கலாம், கடைக்காரரே கூட்டலில் தவறியும் இருக்கலாம். எண்களை மட்டும் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. படத்தை மனிதர் பார்த்தாக வேண்டும். கூட்டல் தவறு என்று தெரிந்தால், அது கடைக்காரருக்கு நேரடியான லாபம். வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கியிருந்தால் மானம் காக்கும் செய்தியும்கூட.

அட்டவணையின் ஏழாம் வரியில் ஒரு விஷயம் இருக்கிறது. 14ஆம் தேதி 206 என்று எழுத வேண்டியதை 260 என்று எழுதிவிட்டார்கள். மறுநாள் வாடிக்கையாளர் கேட்டதும், பழைய வரியைத் தொடாமல், 54 ரூபாயை வரவாகப் புதிய வரியில் எழுதிச் சரிசெய்திருக்கிறார்கள். செயலியும் இப்படியே நடக்க வேண்டும். எழுதிய வரியை அழிக்கும் பொத்தானே அதில் இருக்கக் கூடாது. தவறைப் புதிய வரிதான் திருத்த வேண்டும். ஏற்கெனவே படித்த பக்கத்தை மீண்டும் படம் எடுக்கும்போது ஒரு வரியின் எண் மாறியிருந்தால், பழைய படம், புதிய படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். யாரோ பிறகு 94க்கு முன்னால் 1 சேர்த்து 194 ஆக்கியிருந்தால் அது அங்கே வெளிப்பட்டுவிடும்.

ஒரே பக்கத்தை இரண்டு முறை, மூன்று முறை படம் எடுப்பது தினமும் நடக்கும். பக்கம் நிரம்பும் வரை பழைய வரிகளும் கூடவே வரும். கணக்கு எண், பக்க எண், வரி எண் மூன்றும் சேர்ந்து ஒரு வரியின் அடையாளம் என்று வைத்துக்கொண்டால், எத்தனை முறை படம் எடுத்தாலும் அந்த வரி ஒருமுறைதான் கணக்கில் ஏறும். வரிசை எண்ணை அச்சிடச் சொல்வது இதற்காகத்தான்.

நிரல் எழுதுபவர்கள் அடிக்கடி தவறும் இன்னோர் இடம், பாக்கியைச் சேமித்து வைப்பது. வாடிக்கையாளர் பெயருக்கு எதிரே பாக்கித் தொகையை மட்டும் வைத்து அதை மாற்றிக்கொண்டே போனால், இரண்டு போன்கள் சேரும்போது கணக்கு கெடும். பாக்கி 839 ஆக இருக்கும் ஒரு நாளில், இணையம் இல்லாத நேரத்தில், அப்பாவின் போனில் 260 ரூபாய் பற்று ஏறி 1,099 ஆகிறது. அதே நேரம் மகனின் போனில் 500 ரூபாய் வரவு பதிந்து 339 ஆகிறது. இணையம் வந்ததும் கடைசியாக வந்த எண் முந்தையதை மூடிவிடும். விடை 1,099 ஆகவோ 339 ஆகவோ இருக்கும். உண்மையான பாக்கி 599. வரிகளை மட்டும் சேமித்து, பாக்கியை ஒவ்வொரு முறையும் கூட்டிக் கண்டுபிடித்தால் இந்தச் சிக்கல் எழாது. இரண்டு போன்களின் வரிகளும் ஒன்றாகச் சேரும், எது முதலில் வந்தாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான். நோட்டில் எழுதாமல் போனில் மட்டும் பதியும் வரிக்கு அச்சிட்ட வரிசை எண் இருக்காது என்பதால், பதியும் போதே செயலி அதற்குத் தனி அடையாள எண் கொடுத்துவிட வேண்டும்.

மகனின் போனில் வரும் அந்த 500 ரூபாய் பெரும்பாலும் யுபிஐ வழியாக வந்ததாக இருக்கும். 2016இல் தொடங்கிய இந்த முறை கடன் வசூலை எளிதாக்கியது, கணக்கு எழுதுவதில் ஒரு புதிய ஓட்டையையும் உண்டாக்கியது. "ஜிபே பண்ணிட்டேன்" என்று போனில் சொல்லிவிடுகிறார்கள், ஒலிபெருக்கிப் பெட்டியும் தொகையைச் சொல்லிவிடுகிறது, ஆனால் அந்தப் பணத்தை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது என்பது நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. வங்கியில் வந்த பெயர் கணவருடையது, நோட்டில் இருப்பதோ "சன்னதித் தெரு அக்கா".

இதற்கு ஒரு பாதி வழி உண்டு. செயலி அனுப்பும் செய்தியிலேயே பணம் செலுத்தும் இணைப்பைச் சேர்க்கலாம்:

```
upi://pay?pa=kadai@bank&pn=Kadai&am=955.00&cu=INR&tn=K14
```

இதில் `pa` என்பது கடையின் யுபிஐ முகவரி, `am` தொகை, `tn` கணக்கு எண்ணைச் சுமக்கும் குறிப்பு. இந்த இணைப்பு வழியாகப் பணம் வந்தால் குறிப்பை வைத்துப் பக்கத்தைக் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பலர் கடைப் பலகையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியைத்தான் ஸ்கேன் செய்வார்கள். அதில் தொகையும் இருக்காது, குறிப்பும் இருக்காது. அப்போது இரவில் வங்கிக் கணக்கு விவரத்தைச் செயலிக்குக் கொடுத்து, பக்கம் தெரியாத வரவுகளைக் கடைக்காரரிடம் கேட்பதுதான் நேர்மையான வழி. ஒரு முகவரி எந்த வீட்டுக்குரியது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த மாதம் செயலியே அதை முன்வைக்கலாம். தானாக வரவு வைக்கக் கூடாது. தம்பியின் போனிலிருந்து அண்ணன் வீட்டுக் கடனைக் கட்டுவது நம் தெருக்களில் சாதாரணம். ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்கக் குறிப்பெண் உண்டு. அதை வரியோடு சேர்த்து வைத்தால் ஒரே பணம் இரண்டு முறை வரவாகாது.

வாடிக்கையாளரின் சின்ன நோட்டுக்கு இணையாக என்ன கொடுப்பது என்ற கேள்வி இங்கே வருகிறது. அன்று இரவே, எழுதிய தொகையையும் மொத்தப் பாக்கியையும் குறுஞ்செய்தியாக அனுப்புவது எளிய வழி. ஒரு நிறுவனம் மொத்தமாக அனுப்பும் வணிகக் குறுஞ்செய்திக்கு டிராய் விதிகளின்படி அனுப்புநரின் பெயரையும் செய்தியின் வாசக அமைப்பையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஒரு தனிக் கடைக்காரரால் அது ஆகாத காரியம், செயலியை நடத்தும் நிறுவனம்தான் பொறுப்பேற்க வேண்டும்.

அந்தச் செய்தியின் சொற்கள் தொழில்நுட்பத்தைவிட முக்கியம். "உடனே செலுத்தவும்" என்று வந்தால், கடைக்காரரே சொன்னதாகத்தான் வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார். பத்து வருடப் பழக்கம் ஒரு செய்தியில் முறிந்து, அவர் பாக்கியை வைத்துவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போய்விடக்கூடும். "இன்று பற்று 410, மொத்தப் பாக்கி 955" என்பதோடு செய்தி நின்றுவிட வேண்டும். பாக்கியைக் கேட்பதா, எப்போது கேட்பது, எந்தத் தொனியில் கேட்பது என்பதெல்லாம் கடைக்காரர் வாயிலிருந்தே வரட்டும். சில வீடுகளில் கடன் வாங்குவது ஒருவருக்கும், பதிந்த போன் எண் இன்னொருவருக்கும் உரியதாக இருக்கும். மாமியாருக்குத் தெரியாமல் மருமகள் வாங்கிய சாமான் செய்தியில் வெளிப்பட்டால் அது அந்த வீட்டில் சண்டையாகும். ஆகவே செய்தி வேண்டுமா, எந்த எண்ணுக்கு வேண்டும் என்று வாடிக்கையாளரிடமே கேட்டுக் குறிக்க வேண்டும். வேண்டாம் என்பவருக்குச் சின்ன நோட்டு தொடரும்.

சட்டம் இந்தப் பதிவை எப்படிப் பார்க்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முறையாக எழுதிவரும் கணக்குப் புத்தகத்தின் வரிகளைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அந்த வரிகள் மட்டுமே ஒருவர் மீது கடனைச் சுமத்தப் போதுமானவை ஆகமாட்டா என்பது இந்தியாவின் சாட்சியச் சட்டங்களில் நெடுங்காலமாக உள்ள விதி. இத்தகைய கடனுக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டுகள். அது முடியும் முன் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். மளிகைக் கடன் நீதிமன்றம் போவது அரிது. ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை பெரிய பாக்கிகளின் பக்கத்தில் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கச் செயலி நினைவூட்டுவது நல்லது. காகித நோட்டு கையில் இருப்பது இங்கேயும் உதவுகிறது.

வரி பற்றிய அச்சமும் உண்மையானது. 2025இல் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூரில் பல கடைகள் கியூஆர் பலகைகளைக் கழற்றின. சரக்கு விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு பொதுவாக ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய். வங்கிக்கு வந்த பணம் முழுவதும் விற்பனையாக இருக்க வேண்டியதில்லை. உறவினர் அனுப்பிய கைமாற்றும் அதில் இருக்கும். போன வருடக் கடனின் வசூலும் இருக்கும். எந்தப் பணம் எந்தக் கணக்கின் வரவு என்று பிரித்து எழுதிய பதிவு இருந்தால் இதைக் கடைக்காரர் விளக்க முடியும். அதே பதிவு தன் அனுமதியில்லாமல் வேறெங்கும் போகாது என்ற உறுதியும் அவருக்கு வேண்டும். படங்கள் போனிலேயே படிக்கப்பட்டு, பிரதி மட்டும் பூட்டிய வடிவில் வெளியே சேமிக்கப்பட்டால் அந்த உறுதியைக் கொடுக்கலாம். போன் தொலைந்தாலும் நோட்டு இருக்கும், மழையில் நோட்டு நனைந்தாலும் படங்கள் இருக்கும்.

இந்த வழி எல்லாக் கடைக்கும் பொருந்தாது. பாக்கிப் பத்தி எழுதாமல் பற்றை மட்டும் அடுக்கிக்கொண்டுபோய் மாதக் கடைசியில் கூட்டும் வழக்கமுள்ள கடைகள் நிறைய. அங்கே வரிக்கு வரி சரிபார்க்க எதுவும் இல்லை. மாத மொத்தத்தை வைத்துப் பிழை உண்டா என்று மட்டும் சொல்லலாம், எந்த வரியில் என்று சொல்ல முடியாது. துண்டுச் சீட்டிலும் காலண்டர் தாளின் பின்பக்கத்திலும் கடன் எழுதும் தேநீர்க் கடைக்கு இது சுத்தமாக உதவாது. கண்ணுக்குப் பழகிய ஆட்களின் பெயர்ப் பட்டியலும், பெரிய எண் பொத்தான்களும் உள்ள ஒரே ஒரு திரைதான் அங்கே தேவை.

ஒரு கடையில் சோதிக்க ஒரு மாதம் போதும், ஏனென்றால் சம்பளத் தேதியைச் சுற்றித்தான் வரவுகள் குவியும். முதலில் பத்துக் கணக்குகளை மட்டும் அச்சிட்ட நோட்டுக்கு மாற்ற வேண்டும். தினமும் இரவில் படம் எடுக்க எவ்வளவு நேரமாகிறது, நூறு வரியில் எத்தனைக்குச் செயலி கேள்வி கேட்கிறது, கேட்காமல் விட்டவற்றில் எத்தனை தவறு என்ற மூன்றையும் குறித்துவர வேண்டும். மூன்றாவது எண்ணைக் கண்டுபிடிக்க, மாத முடிவில் யாராவது உட்கார்ந்து நோட்டையும் செயலியையும் வரிக்கு வரி ஒப்பிட்டாக வேண்டும். கேள்விகள் அதிகமானால் கையெழுத்துப் பயிற்சி போதவில்லை என்று பொருள், அதைச் சரிசெய்துவிடலாம். கேட்காமல் விட்ட தவறு ஒன்று இருந்தாலும், அது எப்படித் தப்பியது என்று தெரியும்வரை பதினோராவது கணக்கை மாற்றக் கூடாது.